கிணற்று மண் கணக்கில் ஒரு குறை



உயர்நிலைப் பள்ளிக் கணிதத்தில் கன அளவு பற்றிய பாடம் வந்தால் கூடவே ஒரு கிணறும் வந்துவிடும். அந்தக் கணக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும்: 3 மீட்டர் விட்டமும் 14 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு கிணறு வெட்டப்படுகிறது. வெட்டி எடுத்த மண்ணைக் கிணற்றைச் சுற்றி 4 மீட்டர் அகலத்துக்கு வட்ட வளையமாகச் சீராகப் பரப்பி ஒரு மேடை அமைக்கிறார்கள். மேடையின் உயரம் என்ன?

நீங்கள் உடனே கணக்கிடத் தொடங்கியிருப்பீர்கள். கிணற்றின் ஆரம் 1.5 மீட்டர். பை என்பதை 22/7 என்று கொண்டால் கிணற்றின் கன அளவு 99 கன மீட்டர். வளையத்தின் வெளி ஆரம் 5.5 மீட்டர், உள் ஆரம் 1.5 மீட்டர். ஆகவே அதன் பரப்பு 88 சதுர மீட்டர். 99-ஐ 88-ஆல் வகுத்தால் 1.125 மீட்டர். விடை சரி, முழு மதிப்பெண்ணும் உண்டு.

ஆனால் உண்மையில் ஒரு கிணற்றை வெட்டி அந்த மண்ணை அப்படிப் பரப்பினால் மேடை 1.125 மீட்டரில் நிற்காது. ஏறத்தாழ 1.4 மீட்டராவது இருக்கும். கணக்கைப் போட்டவர் எங்கும் பிழை செய்யவில்லை. கேள்வியிலேயே, யாரும் சொல்லாமல் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. தரைக்குள் இருந்தபோது மண் எவ்வளவு இடத்தை அடைத்ததோ, வெளியே வந்தபின்னும் அவ்வளவு இடத்தையே அடைக்கும் என்பதே அந்த அனுமானம். அது தவறு. இந்தத் தவறைப் பாடப்புத்தகக் கணக்குகள் இனியும் சுமந்துகொண்டிருக்கக் கூடாது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

இதை நான் முதன்முதலில் தெரிந்துகொண்டது வகுப்பில் அல்ல, எங்கள் வீட்டுக் கொல்லையில். தென்னங்கன்று வைக்க ஒரு குழி வெட்டினார்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடி. சுவர்கள் நேராக இறங்க வெட்டிய நல்ல குழி. மண்ணைக் கூடையில் அள்ளி வேலிக்கு அப்பால் கொட்ட வேண்டும். எங்கள் கூடை அரைக் கன அடி பிடிக்கும் என்று முன்பே அளந்து வைத்திருந்தேன். குழி 27 கன அடி. ஆகவே 54 கூடை என்று அப்பாவிடம் பெருமையோடு சொன்னேன். அப்பாவும் அதை நம்பி ஒரு பையனை 54 நடைக்குப் பேசிவிட்டார். 54-வது கூடை போனபின்னும் குழியோரத்தில் ஒரு குவியல் மிச்சம் இருந்தது. கடைசியில் 67 கூடை ஆயிற்று. குழி வெட்டிய பெரியவர் சிரித்தார். "வெட்டின மண்ணு எப்பவும் கூடத்தான் இருக்கும் தம்பி. மண்வெட்டி பட்டா மண்ணு மலந்துடும்," என்றார். எனக்கோ, கூடையை அளந்ததில்தான் தவறு என்று பல நாள் சந்தேகம்.

பெரியவர் சொன்ன 'மலர்ந்துவிடும்' என்ற சொல்லைவிடப் பொருத்தமான சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. மண் என்பது ஒரே கட்டியான பொருள் அல்ல. அது கனிமத் துகள்களும், அவற்றுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களும் சேர்ந்தது. அந்த வெற்றிடங்களில் கொஞ்சம் நீரும் மீதி காற்றும் இருக்கும். ஆண்டுக்கணக்காக மழை நனைத்து, வெயில் உலர்த்தி, மேலுள்ள மண்ணின் எடை அழுத்தித் தரைக்குள் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி அமர்ந்திருக்கின்றன. மண்வெட்டி அந்த அமைப்பைக் கலைக்கிறது. மண் கட்டி கட்டியாகவும் பொடியாகவும் உடைந்து விழுகிறது. ஒரு கட்டியின் மூலை இன்னொரு கட்டியின் மீது தாங்கி நிற்கிறது. நடுவில் புதிய வெற்றிடங்கள் உண்டாகின்றன. அங்கே காற்று புகுந்துகொள்கிறது. துகள் ஒன்றுகூடப் பெருக்கவில்லை. கூடியது காற்று மட்டுமே.

இங்கே ஒரு குழப்பம் வந்துவிடக் கூடாது. கரிசல் மண் மழையில் ஊறி உப்பும், கோடையில் வெடித்துப் பாளம் பாளமாகும். அது வேறு நிகழ்ச்சி. அங்கே களித் துகள்கள் நீரை ஈர்த்துக்கொள்வதால் மண் பெருக்கிறது. நாம் பேசுவது தோண்டுவதால் வரும் பெருக்கம். இதற்கு நீர் தேவையில்லை. எல்லா மண்ணிலும் இது நடக்கும்.

இதை நீங்களே ஒரு விடுமுறை நாளில் அளந்து பார்க்கலாம். நான் என் வீட்டுத் தோட்டத்துச் செம்மண்ணில் செய்ததைச் சொல்கிறேன். ஒரு சாண் அகலமும் ஒரு சாண் ஆழமும் உள்ள சிறு குழி போதும். (பெரிய குழி வேண்டவே வேண்டாம். இடுப்பளவுக்கு மேல் ஆழமான குழியின் சுவர் திடீரென்று சரிந்து ஆளை மூடிவிடும்.) புல்லையும் சருகையும் நீக்கித் தரையைச் சமப்படுத்திவிட்டுத் தோண்ட வேண்டும். எடுக்கும் மண்ணை ஒரு பிடிகூட வீணாக்காமல் ஒரு வாளியில் சேர்க்க வேண்டும்.

முதலில் குழியின் கன அளவு. சிறு குழி எவ்வளவு கவனமாக வெட்டினாலும் ஒழுங்கான வடிவத்தில் வராது. அளவுகோல் இங்கே உதவாது. மெல்லிய பாலிதீன் தாள் ஒன்றைக் குழியின் உட்புறம் நன்றாகப் படியும்படி விரித்து, லிட்டர் படியால் அளந்தளந்து நீர் ஊற்றினேன். தரைமட்டம் வரை நிரம்ப 8.2 லிட்டர் பிடித்தது. தாள் எங்கேயாவது குழிச்சுவரில் ஒட்டாமல் தொங்கினால் அந்த இடத்துக்கு நீர் போகாது, குழி சிறியதாகத் தோன்றும். ஆகவே தாள் பெரிதாகவும் தளர்வாகவும் இருக்க வேண்டும். சாலை போடும் பொறியாளர்களும் மண் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று சோதிக்க இதே வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். அவர்கள் பெரும்பாலும் நீருக்குப் பதிலாக, அடர்த்தி தெரிந்த உலர்ந்த மணலைச் சிறு குழியில் கொட்டி, எவ்வளவு எடையுள்ள மணல் பிடித்தது என்று பார்ப்பார்கள். மணல் மாற்று முறை என்று அதற்குப் பெயர்.

அடுத்தது வாளியில் உள்ள மண். அதை அதே லிட்டர் படியால் அளந்தேன். படியைத் தட்டக் கூடாது, மண்ணை அழுத்தக் கூடாது. மெதுவாகக் கொட்டி, விளிம்போடு குச்சியால் வழித்துவிட வேண்டும். 10.4 லிட்டர் வந்தது. 8.2 லிட்டர் குழியிலிருந்து 10.4 லிட்டர் மண்! 10.4-ஐ 8.2-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.27. அதாவது மண் 27 விழுக்காடு பெருகியிருக்கிறது. தென்னங்குழியில் 54 கூடை 67 ஆனதும் இதே அளவை ஒட்டியதுதான் என்பதைக் கவனியுங்கள்.

அதே மண்ணை எடை போட்டேன். 14.3 கிலோகிராம். அதில் சிறிது ஈரமும் சேர்ந்திருக்கும் அல்லவா? 1 கிலோகிராம் மண்ணைத் தனியாக எடுத்து, பழைய இரும்புச் சட்டியில் போட்டு அடுப்பில் வைத்துக் கிளறி உலர்த்தினேன். 917 கிராம் ஆயிற்று. எனவே மொத்த மண்ணில் உலர்ந்த துகள்கள் மட்டும் 13.1 கிலோகிராம். மண்ணிலுள்ள கனிமத் துகள்களின் அடர்த்தி பொதுவாக நீரைப்போல் 2.65 மடங்கு. அதனால் துகள்கள் மட்டும் அடைக்கும் இடம் 13.1-ஐ 2.65-ஆல் வகுத்தால் கிடைக்கும். அது ஏறத்தாழ 4.95 லிட்டர்.

இந்த 4.95 லிட்டர்தான் மாறாத பொருள். குழியில் இருந்தபோது 8.2 லிட்டரில் 4.95 போக மீதி 3.25 லிட்டர் வெற்றிடம். வாளியில் இருந்தபோது 10.4 லிட்டரில் 5.45 லிட்டர் வெற்றிடம். கூடுதலான 2.2 லிட்டர் முழுவதும் காற்று. எங்கள் அப்பா 54 கூடைக்கு மேல் சுமக்க வைத்த 13 கூடையும் வெறும் காற்றுதான் என்று இப்போது சொல்லிச் சிரிக்கலாம். அன்று சுமந்த பையனுக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது.

சோதனையை நான் அங்கே நிறுத்தவில்லை. மண்ணை மீண்டும் குழியில் போட்டேன். முழுவதையும் ஒரே தடவையில் கொட்டாமல் நான்கு விரற்கடை உயரத்துக்கு ஓர் அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கனமான கட்டையால் நன்றாக இடித்தேன். சோதனைக்கு எடுத்த 1 கிலோகிராமையும், ஆவியான நீரை மீண்டும் சேர்த்து, அதிலேயே போட்டுவிட்டேன். எல்லா மண்ணும் உள்ளே போனபின் குழி நிரம்பியிருக்க வேண்டும், இல்லையா? நிரம்பவில்லை. மேலே ஒரு பள்ளம் இருந்தது. பாலிதீன் தாள் போட்டு நீர் ஊற்றிப் பார்த்தால் 0.7 லிட்டர் பிடித்தது. அதாவது அதே மண் இப்போது 7.5 லிட்டரில் அடங்கிவிட்டது. இயற்கை பல ஆண்டுகளில் அமர்த்தியதைவிட என் கட்டை இன்னும் நெருக்கமாக அமர்த்திவிட்டது. அதற்கு ஒரு காரணம், மண்ணில் பக்குவமான ஈரம் இருந்ததுதான். முற்றிலும் உலர்ந்த மண்ணை இடித்தால் இவ்வளவு அமராது. சேறாக இருந்தால் வெற்றிடங்களை நீர் நிரப்பிக்கொண்டு வெளியேற மறுக்கும், அப்போதும் அமராது.

ஆக, ஒரே மண்ணுக்கு மூன்று கன அளவுகள் உண்டு. தரைக்குள் 8.2, குவியலில் 10.4, இடித்தபின் 7.5. 'இவ்வளவு கன மீட்டர் மண்' என்று ஒருவர் சொன்னால் 'எந்த நிலையில்?' என்று கேட்காமல் அதற்குப் பொருளே இல்லை. எடையைச் சொன்னால் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் மண்ணை யாரும் தராசில் நிறுத்து வேலை செய்வதில்லை.

இப்போது பாடப்புத்தகத்துக்குத் திரும்புவோம். 'ஓர் உலோகக் கோளத்தை உருக்கிக் கம்பியாக நீட்டினால் கம்பியின் நீளம் என்ன?' என்ற கணக்கும் அதே பாடத்தில் வரும். அதன் மீது எனக்குப் புகார் இல்லை. செம்பு கோளமாக இருந்தாலும் கம்பியாக இருந்தாலும் அதன் அடர்த்தி ஒன்றே. நிறை மாறாததால் கன அளவும் மாறாது. கிணற்றுக் கணக்கு இந்த உருக்கும் கணக்கின் நகலாகவே எழுதப்பட்டிருக்கிறது. உலோகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மண்ணை வைத்துவிட்டார்கள். மண்ணின் நிறைதான் மாறாது, கன அளவு மாறும் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

"இது கணிதம், மண்ணியல் அல்ல. மாணவன் சூத்திரத்தைப் பயன்படுத்தப் பழகினால் போதாதா?" என்று ஆசிரியர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. கணக்கு எளிமையாக இருக்க வேண்டும் என்பதை நானும் ஒப்புகிறேன். உராய்வு இல்லாத தளம், எடையற்ற கயிறு என்றெல்லாம் இயற்பியலில் வருகின்றனவே! ஆனால் அங்கே கேள்வியிலேயே 'உராய்வு இல்லை எனக் கொள்க' என்று எழுதியிருக்கும். மாணவன் தான் எதை விட்டுவிடுகிறான் என்று தெரிந்தே விடுகிறான். கிணற்றுக் கணக்கில் அந்த ஒரு வரி இல்லை. அதனால்தான் 54 கூடை என்று நான் அப்பாவிடம் அடித்துச் சொன்னேன்.

மேலும், விடுபடுவது சிறு அளவு அன்று. கிணற்று மண் 25 விழுக்காடு பெருகுகிறது என்று வைத்துக்கொண்டால் 99 கன மீட்டர் 123.75 ஆகும். மேடையின் உயரம் 1.41 மீட்டர். ஒரு சாணுக்குச் சற்றே அதிகமான வித்தியாசம். உண்மையில் இன்னும் அதிகமாகவும் இருக்கலாம். மணல் 10 முதல் 15 விழுக்காடுதான் பெருகும், ஏனெனில் அது கட்டியாக உடைவதில்லை. சாதாரண மண் 25 விழுக்காட்டை ஒட்டிப் பெருகும். கெட்டியான களிமண் 30 முதல் 40 விழுக்காடு வரை போகும். வெடி வைத்து உடைத்த பாறை 50 விழுக்காட்டுக்கும் மேல் பெருகும். 14 மீட்டர் ஆழக் கிணற்றில் பல ஊர்களில் பாதிக்கு மேல் பாறைதான் இருக்கும் என்பது கிணறு வெட்டினவர்களுக்குத் தெரியும். (வளையத்தின் வெளி விளிம்பில் தளர்ந்த மண் செங்குத்துச் சுவராக நிற்காது, சரிவாகத்தான் நிற்கும் என்பது இன்னொரு குறை. அதை இப்போதைக்கு மன்னித்துவிடுவோம்.)

இந்த விழுக்காட்டில் படித்தவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. குழியிலிருந்து குவியலுக்குப் போகும்போது 25 விழுக்காடு கூட்டுகிறோம். அப்படியானால் குவியலை அளந்து குழியைக் கண்டுபிடிக்க 25 விழுக்காடு கழிக்கலாமா? கூடாது. குழி 100 என்றால் குவியல் 125. 125-லிருந்து 25-ஐக் கழிக்க வேண்டும். அது 125-இல் 20 விழுக்காடுதான். 25 விழுக்காடு கழித்தால் 94-க்குக் கீழே போய்விடும். நூறு கன அடி வெட்டியவருடைய உழைப்பில் ஆறு கன அடி காணாமற்போகும்.

உழைப்பு என்றதும் கூலி நினைவுக்கு வருகிறது. மண்வேலைக்குக் கூலி பெரும்பாலும் வெட்டிய குழியை அளந்தே தரப்படுகிறது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடந்த நூறு நாள் வேலையில் ஏரி, குளம் தூர் வாரியபோதும் இப்படித்தான் குழியை அளந்தார்கள். குவியலை அளக்காமல் குழியை அளப்பதே முறை. குவியல் மழை பெய்தால் அமர்ந்துவிடும், ஆள் நடந்தால் அமர்ந்துவிடும். காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு. குழியோ வெட்டியபடியே இருக்கும்.

ஆனால் குழியை அளப்பதிலும் தவறலாம். சுவர் சரிவாக இறங்கும் ஒரு குழியை எடுத்துக்கொள்வோம். மேலே 1 மீட்டர் சதுரம், அடியில் 0.8 மீட்டர் சதுரம், ஆழம் 0.9 மீட்டர். மேல் அளவை மட்டும் எடுத்தால் 0.9 கன மீட்டர். சரியான வழி வேறு. மேற்பரப்பு 1 சதுர மீட்டர். அடிப்பரப்பு 0.64. பாதி ஆழத்தில் பக்கம் 0.9 மீட்டர், ஆகவே நடுப்பரப்பு 0.81. இவற்றுக்குரிய சூத்திரம் இது:

கன அளவு = (ஆழம் ÷ 6) × (மேற்பரப்பு + 4 × நடுப்பரப்பு + அடிப்பரப்பு)

அதாவது 0.15 × (1 + 3.24 + 0.64) = 0.732 கன மீட்டர். மேல் அளவு மட்டும் எடுத்தவர் சொன்ன 0.9 என்பது உண்மையைவிட ஏறத்தாழக் கால் பங்கு அதிகம். வேடிக்கை என்னவென்றால், மண் பெருகுவதைக் கணக்கில் எடுக்காதவர் இந்தப் பிழையையும் சேர்த்துச் செய்தால் அவருடைய விடை குவியலோடு ஏறக்குறையப் பொருந்திவிடும். 0.732 கன மீட்டர் மண் 25 விழுக்காடு பெருகினால் 0.915 அல்லவா? இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். அவரும் தன் முறை சரி என்று காலமெல்லாம் நம்பிக்கொண்டிருப்பார். நேரான சுவருள்ள குழி ஒன்று வரும்போதுதான் அகப்படுவார்.

பெரிய பரப்பில் மண் எடுக்கும்போது வேறு சிக்கல். தரை மேடும் பள்ளமுமாக இருந்திருக்கும். எல்லாம் வெட்டி முடிந்தபின் பழைய தரைமட்டம் எங்கே இருந்தது என்று எப்படிச் சொல்வது? அதற்காகக் குழியின் நடுநடுவே சிறு திட்டுகளை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். அந்தத் திட்டின் உச்சிதான் பழைய தரை. அதற்கும் குழியின் அடிக்கும் உள்ள உயரத்தை அளந்து சராசரி எடுத்தால் ஆழம் கிடைக்கும். அளந்து முடியும்வரை அந்தத் திட்டுகளைத் தொடக் கூடாது. இதிலும் ஏமாற்றலாம். திட்டின் தலையில் ஒரு சட்டி மண்ணைக் கொட்டித் தட்டிவிட்டால் ஆழம் கூடிவிடும். அனுபவமுள்ள அளவர் முதலில் உச்சியில் புல் இருக்கிறதா என்று பார்ப்பார். புல்லின் வேர் அசையாமல் பிடித்திருந்தால் அது பழைய தரை. புல் இல்லாமல் பொலபொலவென்று விரல் இறங்கினால் அது புது மண். மண் மலர்ந்துவிடும் என்ற உண்மையே இங்கே சாட்சியாகிறது.

மூன்றாவது அளவை, அதாவது இடித்தபின் உள்ள அளவை, மறப்பவர்கள் வீடு கட்டுபவர்கள். என் உறவினர் ஒருவர் வீட்டு அடித்தளத்துக்குள் மண் நிரப்பினார். 40 அடி நீளம், 30 அடி அகலம், 2 அடி உயரம். 2,400 கன அடி. நம் ஊரில் லாரி மண்ணை யூனிட் கணக்கில் விற்பார்கள். ஒரு யூனிட் 100 கன அடி. 24 யூனிட் வாங்கினார். கொட்டிப் பரப்பியபோது சரியாக 2 அடி வந்தது. கணக்கு இம்மி பிசகவில்லை என்று மகிழ்ந்து, தண்ணீர் விட்டுத் திமிசு போடாமலே மேலே தளம் போட்டுவிட்டார். முதல் மழைக்காலம் முடிந்ததும் தளத்தைத் தட்டினால் 'தொம் தொம்' என்று ஓசை கேட்டது. கீழே மண் அமர்ந்து, தளம் அந்தரத்தில் நின்றது. பிறகு நடுவில் விரிசல் விட்டது.

லாரியில் வருவது குவியல் அளவு. அவருக்குத் தேவைப்பட்டது இடித்த அளவு. என் தோட்டத்து மண்ணைப்போல் 10.4 லிட்டர் 7.5 ஆக அமரும் என்று கொண்டால், 2,400 கன அடி கெட்டியாக நிரம்ப ஏறத்தாழ 3,330 கன அடி, அதாவது 33 யூனிட் வேண்டும். எல்லா மண்ணும் அதே விகிதத்தில் அமராது. லாரியில் குலுங்கி வரும்போதே கொஞ்சம் அமர்ந்திருக்கவும் கூடும். ஆனாலும் 24 யூனிட் போதவே போதாது. விற்றவர் குறைத்துக் கொடுக்கவில்லை. வாங்கியவரும் தவறாகப் பெருக்கவில்லை. பள்ளியில் படித்த கிணற்றுக் கணக்கை நம்பி வாங்கினார், அவ்வளவுதான்.

மண்ணின் இந்தக் குணம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் அல்ல. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் மனையைச் சோதிக்கும் முறை ஒன்று இருக்கிறது. மனையின் நடுவில் ஒரு முழக் குழி தோண்டி, எடுத்த மண்ணாலேயே அதை மூட வேண்டும். மண் மிஞ்சினால் நல்ல மனை, சரியாக இருந்தால் நடுத்தரம், குறைந்தால் ஆகாது. இதை நன்மை தீமைக்குரிய சகுனமாகவே சொல்லி வந்திருக்கிறார்கள். சகுனத்தை விட்டுவிட்டுப் பாருங்கள். தரை கெட்டியாக இருந்தால் தோண்டிய மண் நன்றாகப் பெருகும், மூடும்போது மிஞ்சும். தரை ஏற்கெனவே தளர்ந்ததாகவோ, பொந்து நிறைந்ததாகவோ, அண்மையில் நிரப்பியதாகவோ இருந்தால் பெருகுவதற்கு அதில் இடமே இல்லை. மூடும்போது குறையும். தளர்ந்த தரையில் சுவர் எழுப்பினால் அது இறங்கும். ஆகவே சோதனைக்குள் ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் மூடும்போது இடிக்க வேண்டுமா, கூடாதா என்பதைப் பொறுத்து முடிவு தலைகீழாகிவிடும். என் குழியைப் பாருங்கள். சும்மா கொட்டியிருந்தால் 2.2 லிட்டர் மிஞ்சியிருக்கும், 'நல்ல' மனை. இடித்ததால் 0.7 லிட்டர் குறைந்தது, 'ஆகாத' மனை. இரண்டும் ஒரே இடம், ஒரே நாள்! இன்றும் இந்தச் சோதனையை வைத்து மனைக்கு விலை பேசுபவர்களிடம், மண்ணை எப்படி மூடினீர்கள் என்று நீங்கள் கேட்கலாம்.

கிணற்றுக் கணக்கைப் புத்தகத்திலிருந்து நீக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அது நல்ல கணக்கு, நம் ஊர்க் கணக்கு. 'தோண்டிய மண் இவ்வளவு விழுக்காடு பெருகும் எனக் கொள்க' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சூத்திரம் மாறாது. கூடுதலாக ஒரு பெருக்கல் மட்டும் வரும். வகுப்பறைக்கு வெளியே ஒரு சாண் குழியும் ஒரு லிட்டர் படியும் இருந்தால் அந்த விழுக்காட்டை மாணவர்களே கண்டுபிடித்து எழுதிவிடலாம். அந்த வரி வரும்வரை நீங்கள் போட்டுப் பார்க்க, நான் எழுதிய கணக்கு ஒன்றைத் தருகிறேன்.

பள்ளித் தோட்டத்தில் 2 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் 0.8 மீட்டர் ஆழமும் உள்ள நேரான சுவர்களைக் கொண்ட எருக்குழி ஒன்று வெட்டப்படுகிறது. மண் 25 விழுக்காடு பெருகுகிறது. அந்த மண்ணைக் கொண்டுபோய், 6 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள ஒரு நடைபாதைப் பள்ளத்தில் கொட்டிப் பரப்புகிறார்கள். பரப்பிய அன்று மண்ணின் உயரம் என்ன? அதை இடித்துக் கெட்டிப்படுத்தியபின், குழியில் இருந்ததைவிட 10 விழுக்காடு குறைவான இடத்தில் அமர்ந்தால், உயரம் எவ்வளவு ஆகும்? முதல் விடை 50 சென்டிமீட்டர், இரண்டாவது 36 சென்டிமீட்டர் என்று எனக்கு வருகிறது. உங்களுக்கும் அப்படித்தான் வருகிறதா என்று பாருங்கள்.